ராம் பம்ப் அடிக்கவில்லையா, அடித்தும் தண்ணீர் ஏறவில்லையா? எங்கிருந்து பார்ப்பது

எங்கள் தோட்டம் தாண்டிக்குடிக்குக் கீழே, காபியும் மிளகும் மலைவாழையும் கலந்த சரிவில் இருக்கிறது. ஓடை கீழே, வீடும் தொட்டியும் மேலே. கரண்ட் லைன் வந்து சேராத அந்த மூலையில், இறங்கி வரும் தண்ணீரின் வேகத்தாலேயே அதில் கொஞ்சத்தை மேலே ஏற்றுகிற ராம் பம்ப் வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் நாலு பேர் வைத்தார்கள். மிஷின் நின்றால் எனக்குத்தான் போன் வரும். போய்ப் பார்த்துப் பார்த்து ஒன்று தெரிந்துவிட்டது: வருகிற புகார்கள் ஐந்தே ஐந்துதான். அதனால் என்ன கோளாறு என்று யோசிப்பதைவிட, மிஷின் என்ன செய்கிறது என்று பார்த்துப் போவதே வேகமான வழி. அந்த வரிசையில் எழுதுகிறேன்.

## முதலில், நல்லபடியாக ஓடும் மிஷின் எப்படி இருக்கும்

ஓடைத் தண்ணீர் ஒரு இரும்புக் குழாயில் சரிவாக இறங்கி வருகிறது. இதை இறக்கக் குழாய் என்கிறேன். அதன் முனையில் ஒரு வால்வு திறந்து கிடக்கிறது, தண்ணீர் அதன் வழியே வெளியே கொட்டுகிறது. இது கழிவு வால்வு. கொட்டக் கொட்டத் தண்ணீரின் வேகம் கூடி, அந்த வேகமே வால்வைத் தூக்கிப் பட்டென்று மூடிவிடுகிறது. ஓடி வந்த தண்ணீர் முழுவதும் ஒரே நொடியில் முட்டி நிற்கிறது. அந்த முட்டலில் இரண்டாவது வால்வு திறந்து, கொஞ்சம் தண்ணீர் காற்றுக் குடுவைக்குள் போய்விடுகிறது. இதை ஏற்ற வால்வு என்போம். முட்டல் ஓய்ந்ததும் தண்ணீர் லேசாகப் பின்வாங்கும், கழிவு வால்வு தன் எடையால் விழுந்து திறக்கும், மறுபடி முதலிலிருந்து. குடுவையில் அமுங்கிய காற்று, உள்ளே வந்த தண்ணீரை ஒரே சீராக மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ராம் என்றால் ஆங்கிலத்தில் முட்டுக்கிடா. 1796-இல் பிரான்ஸில் மான்கோல்ஃபியே இதைத் தானாக அடிக்கிற மாதிரி செய்தார். தம்பியுடன் சேர்ந்து வெப்பக்காற்று பலூனைப் பறக்கவிட்ட அதே ஆள்தான்.

எங்கள் மிஷினின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் எல்லாவற்றுக்கும் இதுதான் அளவுகோல். ஓடையில் ஒரு சின்ன கலிங்கு கட்டி, பக்கத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி. அதன் தண்ணீர் மட்டத்திலிருந்து மிஷின் இருக்கும் இடம் 4 மீட்டர் கீழே. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலை வைத்துத்தான் அளந்தோம், கண்மட்டம் இதில் உதவாது. இறக்கக் குழாய் 2 இஞ்ச் ஜி.ஐ. பைப், நாலு லெங்த், மொத்தம் 24 மீட்டர். இறக்கத்தைப் போல் 4 முதல் 7 மடங்கு நீளம் இருந்தால் நன்றாக அடிக்கும். எங்களுடையது 6 மடங்கு. வீட்டுத் தொட்டி மிஷினிலிருந்து 32 மீட்டர் உயரத்தில். அங்கே போவது 1 இஞ்ச் கறுப்பு ஹோஸ், 180 மீட்டர்.

மிஷின் நிமிடத்துக்கு 60 லிட்டர் எடுக்கிறது. 60-ஐ 4 மீட்டர் இறக்கத்தால் பெருக்கி, 32 மீட்டர் ஏற்றத்தால் வகுத்தால் 7.5 வரும். ஆனால் உராய்விலும் அதிர்விலும் போவது போக, கையால் செய்த மிஷினுக்கு அதில் பாதி கிடைத்தால் நல்லது. எங்களுக்கு 3.75 லிட்டர் ஏறுகிறது. 15 லிட்டர் வாளி நிரம்ப 4 நிமிடம். வால்வு ஒரு தடவை அடித்தால் ஏறுவது ஒரு டீ கிளாஸ்கூட இல்லை, ஆனால் ராத்திரி பகலாக அடித்தால் ஒரு நாளைக்கு 5400 லிட்டர். மீதித் தண்ணீர் அப்படியே ஓடைக்குத் திரும்பிவிடும்.

கழிவு வால்வாக ஒரு பித்தளை ஃபுட் வால்வைத் தலைகீழாகப் போட்டிருக்கிறோம். சல்லடையைக் கழற்றிவிட்டு, தட்டின் நடுவில் ஒரு போல்ட் மேல்நோக்கி நிற்கும். அதில் வாஷர் போட்டால் எடை கூடும், எடுத்தால் குறையும். ஏற்ற வால்வு ஸ்பிரிங் வைத்த நான்-ரிட்டர்ன் வால்வு. அதை அடுத்து மேலே நிற்கும் காற்றுக் குடுவை, 3 இஞ்ச் ஜி.ஐ. பைப்பில் மூன்று அடி நீளம், தலையில் மூடி. குடுவையோடு ஒரு பிரஷர் கேஜ். அப்புறம் ஒரு கேட் வால்வு, அதிலிருந்து ஹோஸ். மிஷினுக்கு முன்னால் இறக்கக் குழாயிலும் ஒரு கேட் வால்வு உண்டு. எல்லாம் காங்கிரீட் மேடையில் போல்ட் போட்டு இறுக்கியது.

உங்கள் மிஷின் நன்றாக ஓடுகிற ஒரு நாளில் மூன்று எண்ணை எழுதி வையுங்கள்: நிமிடத்துக்கு எத்தனை அடி, மேலே வாளி நிரம்ப எத்தனை நிமிடம், கேஜில் என்ன காட்டுகிறது. எங்களுக்கு 52 அடி, 4 நிமிடம், 3.2 கிலோ. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ என்பதால் 32 மீட்டருக்கு 3.2. இந்த மூன்று எண்ணும் இல்லாதவர் வீட்டில் கோளாறைத் தேட எனக்கு அரை நாள் கூடுதலாக ஆகிறது.

## கழிவு வால்வு மூடியே நிற்கிறது

புதிதாக வைத்தவர்கள் அழைப்பது பெரும்பாலும் இதற்குத்தான். இரண்டு மூன்று அடி அடிக்கும், பிறகு வால்வு மூடிக்கொண்டு அமைதியாகிவிடும்.

### ஹோஸ் காலியாக இருக்கும்போது ஓட்டினீர்களா?

மேலே தண்ணீரின் எடை இல்லையென்றால் முட்டிய தண்ணீருக்குத் திரும்பி உதைக்க எதுவும் இல்லை. பின்வாங்கல் நடக்காது, வால்வு விழாது. மிஷினில் பழுதே இல்லை, கிளப்புகிற முறைதான் தவறு. ஹோஸ் பக்கத்துக் கேட் வால்வை மூடுங்கள். இறக்கக் குழாயின் வால்வை முழுக்கத் திறங்கள். கழிவு வால்வு கொஞ்ச நேரம் கொட்டி, பட்டென்று மூடும். போல்ட்டின் தலையைக் கட்டைவிரலால் கீழே அழுத்தித் திறந்துவிடுங்கள். மறுபடி மூடும், மறுபடி அழுத்துங்கள். விரலைப் போல்ட்டின் தலையில் மட்டும் வையுங்கள், வால்வின் வாயோரம் போகவே கூடாது. இருபது முப்பது தடவை அழுத்துவதற்குள் குழாயில் இருந்த காற்றெல்லாம் வெளியேறி, கேஜ் ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் வரும். அதன்பிறகு அது தானாக அடிக்கும்.

தானாக அடிக்கத் தொடங்கியதும் ஹோஸ் வால்வைக் கால் திருகு மட்டும் திறங்கள். கேஜ் ஒரு கிலோவுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். எங்கள் ஹோஸ் நிரம்ப 90 லிட்டர் பிடிக்கும்; அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வால்வை மூடி வைத்தே அதிக நேரம் அடிக்கவிடக் கூடாது. போக வழியில்லாத அழுத்தம் குடுவையிலும் இணைப்புகளிலும் ஏறும்.

### கிளப்பும்போது சரியாக இருந்து, பிறகு மூடிக்கொள்கிறதா?

அப்படியானால் ஏற்ற வால்வு கசிகிறது. மேலே போன தண்ணீர் திரும்பி வந்து கழிவு வால்வை உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. கண்டுபிடிப்பது எளிது. இறக்கக் குழாயின் வால்வை மூடுங்கள். கழிவு வால்வைக் கையால் அழுத்தித் திறந்து, குழாயில் தேங்கிய தண்ணீர் வடியும்வரை பிடியுங்கள். வடிந்து நின்றால் ஏற்ற வால்வு நல்லதுதான். நிற்காமல் நூல் மாதிரி வந்துகொண்டே இருந்தால், அது மேலேயிருந்து வருகிற தண்ணீர். யூனியனைக் கழற்றி வால்வைப் பாருங்கள். பத்தில் எட்டு தடவை ஒரு மணல் துகளோ இலைக்காம்போதான் இடுக்கில் இருக்கும். கழற்றும் முன் ஹோஸ் வால்வை மூடி, குடுவையின் அழுத்தத்தை இறக்கிவிடுங்கள்.

துடைத்துப் போட்டும் கசிந்தால் ரப்பர் தேய்ந்திருக்கும். வால்வையே மாற்றிவிடுங்கள், அது ஒரு சாதாரண ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும்.

### வால்வின் எடை போதவில்லையா?

மேலே சொன்ன இரண்டும் இல்லையென்றால், போல்ட்டில் ஒரு வாஷர் கூட்டிப் பாருங்கள். ஒரே தடவையில் ஒன்றுக்கு மேல் கூட்டாதீர்கள்.

## கழிவு வால்வு திறந்தே நிற்கிறது, தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது

இதற்கு அர்த்தம் ஒன்றுதான்: வால்வைத் தூக்கும் அளவுக்குத் தண்ணீரில் வேகம் இல்லை. வேகத்தை எது தின்கிறது என்று மேலேயிருந்து கீழே பார்த்துக்கொண்டு வாருங்கள்.

முதலில் ஓடையோரத் தொட்டியில் உள்ள வலை. எங்கள் பக்கம் காபிக்கு நிழலாக சில்வர் ஓக் நிற்கிறது. வெயில் காலத்தில் அதன் இலை உதிர்ந்து வந்து, வெள்ளி அடிப்பக்கம் வலையில் ஒட்டினால் துணி போர்த்திய மாதிரி ஆகிவிடும். கண்ணுக்கு வலை பாதி திறந்திருப்பது போலத்தான் தெரியும், கையை விட்டு வழித்தால் ஒரு கொத்து வரும். அந்த மாதங்களில் வாரம் இரண்டு தடவை வழிக்கிறோம்.

அடுத்தது இறக்கக் குழாயின் கேட் வால்வு. முழுக்கத் திறந்திருக்க வேண்டும். தண்ணீரைச் சிக்கனப்படுத்துவதாக நினைத்து அதைப் பாதி மூடி வைப்பவர்கள் இருக்கிறார்கள்; அது மிஷினின் தொண்டையைப் பிடிப்பதற்குச் சமம். தண்ணீரைக் குறைக்க வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

பிறகு கழிவு வால்வின் வாய். குச்சியோ கூழாங்கல்லோ சிக்கி, தட்டு மேலே வராமல் தடுக்கலாம். அதுவும் இல்லையென்றால் எடை அதிகம், ஒரு வாஷரை எடுத்துப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்தும் அசையவில்லையென்றால் குழாய்ப் பாதையைப் பாருங்கள். நடுவில் ஒரு இடம் மேடாக இருந்தால் அங்கே காற்று தங்கிவிடும். தரை மண் இறங்கி ஒரு தாங்கல் சாய்ந்தாலே போதும், குழாய் முதுகு வளைத்துவிடும். நூல் பிடித்துப் பார்த்து, தாங்கலை நிமிர்த்த வேண்டும்.

## அடிக்கிறது, ஆனால் மேலே தண்ணீர் குறைவு அல்லது வரவே இல்லை

இந்தப் புகாருக்குத்தான் கேஜ் வேண்டும். கேஜ் இல்லாமல் வைத்திருந்தால் இப்போதாவது ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள்.

ஐப்பசியில் ஒரு நாள், மழை கொட்டிய மறுநாள் காலை, தொட்டியில் தண்ணீர் சன்னமாக விழுந்துகொண்டிருந்தது. வாளி வைத்துப் பார்த்தேன்: 4 நிமிடத்தில் நிரம்ப வேண்டியது 11 நிமிடம் ஆனது. கீழே போய் எண்ணினேன், 52 அடி, ஒரு மாற்றமும் இல்லை. கழிவாகக் கொட்டும் தண்ணீரும் வழக்கமான அளவு. அப்படியானால் மிஷின் ஏற்றுகிறது, போகிற வழியில் எங்கோ போய்விடுகிறது. 180 மீட்டர் ஹோஸ், பாதி தூரம் புதருக்குள். அத்தனையும் நடந்து தேட வேண்டியதில்லை.

இறக்கக் குழாயின் வால்வை மூடி மிஷினை நிறுத்தினேன். ஏற்ற வால்வு சரியாக இருந்தால், ஹோஸில் உள்ள தண்ணீர் கீழே வர முடியாது. தொட்டிவரை நிறைந்து நிற்கும், கேஜ் 3.2 காட்டிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு முள் மெதுவாக இறங்கியது. 3... 2.8... 2.5... ஒரு பீடி பற்ற வைத்து முடிக்கிற நேரத்தில் 2.1-க்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. ஓட்டைக்கு மேலே இருக்கிற தண்ணீர்தான் வடியும். ஓட்டையின் மட்டத்துக்கு வந்ததும் நின்றுவிடும். அப்படியானால் ஓட்டை மிஷினிலிருந்து 21 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எங்கள் சரிவில் அது கொய்யா மரத்துக்குச் சற்று மேலே. போய்ப் பார்த்தால், காட்டுமாடு ஹோஸை மிதித்துப் போன குளம்புத் தடம் ஈர மண்ணில் அப்படியே இருந்தது. இணைப்பு பாதி கழன்று, பக்கவாட்டில் தண்ணீர் விசிறியடித்து மண்ணைக் குழித்திருந்தது. ஒரு கிளிப் மாற்றினேன். பகல் சாப்பாட்டுக்குள் வாளி மறுபடி 4 நிமிடத்தில் நிரம்பியது.

ஹோஸ் ஒரே ஏற்றமாகப் போகிற இடத்தில்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். நடுவில் ஏறி இறங்கி ஏறினால் ஒன்றிரண்டு இடத்தைச் சேர்த்துச் சந்தேகப்பட வேண்டியிருக்கும்.

### முள் நிற்காமல் பூஜ்யத்துக்கே போகிறதா?

அப்போது ஹோஸ் வால்வை மூடிவிட்டு, குடுவையில் அழுத்தம் இருக்கும்போதே முள்ளைப் பாருங்கள். மூடியதும் முள் அப்படியே நின்றால், ஓட்டை ஹோஸில், மிஷினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மூடியும் இறங்கினால் ஏற்ற வால்வோ குடுவையின் இணைப்போ கசிகிறது. குடுவையின் திருகுகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் கொப்புளம் சொல்லிவிடும். கொப்புளம் இல்லையென்றால் ஏற்ற வால்வுதான்.

### முள் 3.2-லேயே நிற்கிறது, ஆனாலும் தண்ணீர் குறைவா?

ஹோஸில் பழுது இல்லை. மூச்சுத் துளையைப் பாருங்கள். அது என்னவென்று அடுத்த பகுதியில் வருகிறது. அந்தத் துளை பெரிதாகிவிட்டால் ஒவ்வொரு அடியின் வேகமும் அதன் வழியே பீறிட்டுப் போய்விடும், மேலே தண்ணீரோடு காற்றும் கடகடவென்று வரும்.

ஹோஸ் நடுவில் மேடு பள்ளமாகப் போனால் மேட்டில் காற்று அடைத்துக்கொண்டும் தண்ணீர் குறையும். அந்த மேட்டில் ஒரு சின்னக் குழாய் பொருத்தி, திறந்து காற்றை விடலாம். ஹோஸை மேட்டுக்குச் சுற்றி இழுத்துப் போட முடிந்தால் அதுதான் நிரந்தரம்.

### முதல் நாளிலிருந்தே ஏறவில்லையா?

இறக்கக் குழாய் எதில் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் கையில் கிடந்த கறுப்பு ஹோஸையே இறக்கக் குழாயாகப் போட்டிருந்தார். மிஷின் அடித்தது, தண்ணீர் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் போகவில்லை. அவர் மூன்று தடவை வால்வை மாற்றிவிட்டார். அடிக்கும்போது ஹோஸைக் கையால் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு அடிக்கும் அது நாடி மாதிரி உப்பித் தணிந்தது. மேலே தள்ள வேண்டிய அடி, ஹோஸை உப்ப வைப்பதிலேயே தீர்ந்துவிடுகிறது. கனமான பி.வி.சி. பைப் ஓரளவுக்குத் தாங்கும், அதுவும் கொஞ்சம் இழக்கும். ஜி.ஐ. பைப் போட்டால்தான் முழுப் பலன். இதிலேயே அதிகச் செலவு பிடிக்கிற திருத்தம் இதுதான். அவர் 18 மீட்டர் ஜி.ஐ. பைப் மாற்றிய அன்று சாயங்காலமே வீட்டுக்குத் தண்ணீர் வந்துவிட்டது.

## சத்தம் மாறிவிட்டது, குழாயெல்லாம் உதறுகிறது

நல்ல மிஷினின் சத்தம் மரக்கட்டையில் தட்டுகிற மாதிரி இருக்கும். அது கொல்லன் பட்டறைச் சத்தமாக மாறி, கேஜ் முள் ஒவ்வொரு அடிக்கும் துள்ளி, மேலே தண்ணீர் விட்டு விட்டு விழுந்தால், குடுவையில் காற்று தீர்ந்துவிட்டது. உடனே நிறுத்துங்கள். காற்று இல்லாத குடுவை ஒவ்வொரு அடியையும் அப்படியே வாங்குகிறது, இப்படியே ஓடினால் திருகு விடும், வார்ப்பு விரிசல் விடும்.

அமுங்கிய காற்று தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மேலே போய்விடும், அதைத் தடுக்க முடியாது. அதனால்தான் ஏற்ற வால்வுக்குச் சற்று முன்னால் 1.5 மில்லிமீட்டரில் ஒரு துளை போடுகிறோம். இதுதான் மூச்சுத் துளை. தண்ணீர் பின்வாங்கும் நேரத்தில் அது ஒரு சிட்டிகை காற்றை உறிஞ்சும். அடுத்த அடியில் அந்தக் காற்று குடுவைக்குள் போய்விடும். பக்கத்தில் குனிந்து பார்த்தால் தெரியும்: அடிக்கும்போது மெல்லியதாக ஒரு தண்ணீர்ப் பீச்சல், பின்வாங்கும்போது ஈரமான ஒரு உறிஞ்சல் சத்தம். கட்டைவிரலை அருகில் கொண்டுபோனால் இழுப்பதே தெரியும். பீச்சல் இல்லையென்றால் துளை அடைத்திருக்கிறது. பாசி, துரு, மணல், ஏதாவது ஒன்று. ஊசியால் குத்திவிட்டால் போதும். நான் துளைக்குள் ஒரு ஸ்பிளிட் பின்னைத் தொளதொளவென்று போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு அடிக்கும் அது ஆடி ஆடித் துளையைத் தானே சுத்தமாக வைத்துக்கொள்கிறது.

துளையைத் திறந்த பிறகும் குடுவை தானாக நிறைய நாளாகும். அதனால் ஹோஸ் வால்வை மூடி, குடுவையின் அடித்தளத் திருகைத் திறந்து தண்ணீர் முழுவதையும் வடித்துவிடுங்கள், காற்று உள்ளே வந்துவிடும். பிறகு மூடிக் கிளப்புங்கள். காற்று இருக்கிறதா என்று ஸ்பேனரால் குடுவையைத் தட்டிப் பார்க்கலாம்: மேல்பக்கம் வெற்றுச் சத்தம், கீழ்ப்பக்கம் அடைத்த சத்தம். கம்ப்ரசர் வைத்துக் காற்று ஏற்ற வேண்டாம். அதுவும் குடுவை பி.வி.சி.யில் செய்தது என்றால் கண்டிப்பாகக் கூடாது. அமுங்கிய காற்றோடு பி.வி.சி. உடைந்தால் சில்லு சில்லாகப் பறக்கும்.

காற்று சரியாக இருந்தும் உதறினால், மேடையின் போல்ட்டுகள் தளர்ந்திருக்கும். இறுக்குங்கள். மேடையே மண்ணோடு ஆடினால் காங்கிரீட்டை மறுபடி போட்டே ஆக வேண்டும். மிஷின் அசைகிற ஒவ்வொரு அசைவும் மேலே போகாத தண்ணீர்.

## சில மணி நேரம் ஓடி, தானாக நின்றுவிடுகிறது

காலையில் கிளப்பினால் மதியம் நிற்கிறது, மறுபடி கிளப்பினால் ஓடுகிறது. இது பங்குனி, சித்திரை மாதப் புகார். மிஷின் நிமிடத்துக்கு 60 லிட்டர் கேட்கிறது, ஓடையில் 45 தான் வருகிறது. ஓடையோரத் தொட்டியில் மட்டம் மெதுவாக இறங்கி, ஒரு கட்டத்தில் குழாயின் வாயருகே சுழி விழுந்து காற்றை இழுத்துவிடுகிறது. காற்று நுழைந்தால் அடி செத்துவிடும். மிஷின் ஓடும்போது தொட்டியில் ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் மட்டத்தில் கோடு போட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் காரணம் இதுதான். குழாயின் வாய் எப்போதும் ஒரு அடி ஆழத்திலாவது இருக்க வேண்டும்.

இதற்குத்தான் வாஷர். கழிவு வால்வின் எடையைக் குறைத்தால் அது சீக்கிரமே மூடிக்கொள்ளும். அடி வேகமாகும், ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் குறைவாகச் செலவாகும். கோடையில் நான் இரண்டு வாஷரை எடுத்துவிடுவேன். 52 அடி 70-க்குப் பக்கத்தில் போகும், 60 லிட்டர் 40-ஆகக் குறையும். மேலே வாளி நிரம்ப 6 நிமிடம் ஆகும். குறைவுதான், ஆனால் நிற்காமல் ஓடும். நின்று நின்று கிளப்பும் 4 நிமிட மிஷினைவிட நிற்காத 6 நிமிட மிஷின்தான் ஒரு நாளைக்கு அதிகம் தருகிறது. ஐப்பசி மழை வந்ததும் வாஷரைத் திருப்பிப் போட மறந்துவிடாதீர்கள்.

ஓடையில் தண்ணீர் இருந்தும் நிற்கிறதென்றால், மேலே தொட்டிக்குப் போய்ப் பாருங்கள். மிதவை வால்வு போட்டிருந்தால் தொட்டி நிரம்பியதும் அது மூடிக்கொள்ளும். கீழே மிஷின் மூடிய குழாயோடு மோதிக்கொண்டிருக்கும். மிதவையை எடுத்துவிட்டு, வழிந்து போக ஒரு குழாய் வையுங்கள். எங்கள் தொட்டியில் வழிகிற தண்ணீர் மிளகுக் கொடிகளுக்குப் போகிறது.

வெள்ளத்தில் மிஷின் மூழ்கி நின்றிருந்தால் அதில் பழுது தேட வேண்டாம். தண்ணீருக்குள் கழிவு வால்வு சரியாக அடிக்காது, மூச்சுத் துளையும் காற்றுக்குப் பதில் தண்ணீரையே உறிஞ்சும். வடிந்தபின் குடுவையை வடித்துக் கிளப்பினால் ஓடும். ஒவ்வொரு மழைக்கும் மூழ்குகிறதென்றால் மேடையை உயர்த்த வேண்டும். உயர்த்துகிற உயரம் அவ்வளவும் இறக்கத்தில் குறையும் என்பதைக் கணக்கில் வைத்துச் செய்யுங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

கழிவு வால்வு மூடியிருக்கும்போதும் வாயோரம் தண்ணீர் கசிந்து, ரப்பரை மாற்றியும் நிற்காவிட்டால் பித்தளை இருக்கையே தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது. வால்வைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். இருக்கையை ஒரு சுற்றுச் சீவிக் கொடுப்பார்கள், அரை மணி நேர வேலை. அரத்தை வைத்து நாமே ராவினால் ஒருநாளும் சமமாக வராது.

குழாய்கள் கூடும் டீ இணைப்பிலோ வால்வின் உடம்பிலோ விரிசல் தெரிந்தால் எம்-சீல் வைத்து ஒட்டி ஓட்டாதீர்கள். நிமிடத்துக்கு ஐம்பது முட்டல் வாங்குகிற இடம் அது. மாற்றியே ஆக வேண்டும். துருவேறிய ஜி.ஐ. திருகு கழலாவிட்டால் பெரிய பைப் ரெஞ்சும் திருகு வெட்டும் டையும் உள்ள பிளம்பரை வரவழையுங்கள். அவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், இது மோட்டார் பைப் அல்ல, ஒவ்வொரு இணைப்பும் அடி வாங்கும் என்று. சணல் வைத்து இறுக்கத் தெரிந்தவராக இருந்தால் நல்லது.

புதிதாக வைக்கப் போகிறவர்களுக்கும் ஒரு எல்லை உண்டு. இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்றாலோ, ஏற்றம் இறக்கத்தைப் போல் இருபது மடங்குக்கு மேல் போகிறதென்றாலோ, குழாய் வாங்கும் முன் இதைச் செய்து பழகிய ஒருவரை ஓடைக்கே அழைத்துவந்து காட்டுங்கள். ஓடை காட்டு எல்லைக்குள் இருந்தால் வனத்துறையிடம் அனுமதி வாங்காமல் கலிங்குக்கு ஒரு கல்கூட வைக்க வேண்டாம்.